இடி மழைல ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும் போகாம இருக்க: மேல் மாடிக்கு போற லேன் கேபிளை முதல்ல பாருங்க

ஏப்ரல், மே வந்தா பெங்களூர்ல சாயங்காலம் இடி மழைதான், மறுநாள் காலைல நம்ம தமிழ் ஆளுங்க வாட்ஸப் குரூப்ல "நெட் வரல"ன்னு வரிசையா வரும். கண்ணாடி ஃபைபர்ல கரண்ட் போகாதே, அப்புறம் எப்படி பாக்ஸ் போச்சுன்னு கேக்குறாங்க. ஃபைபர்ல போகாது, உண்மைதான். ஆனா அதே பாக்ஸ்ல பவர் அடாப்டர் இருக்கு, லேன் கேபிள் இருக்கு, சிலருக்கு போன் ஒயரும் இருக்கு, இது எல்லாம் செம்பு.

முதல்ல இடியோட கரண்ட் எந்த வழியா வந்துச்சுன்னு கண்டுபிடிங்க. பவர் லைட்டே எரியலன்னா பழசுல போட்டிருக்கற அதே வோல்ட் உள்ள வேற அடாப்டர் போட்டு பாருங்க, அடாப்டர் மட்டும் போயிருக்கலாம். ஆனா ஆம்பியர் பழசுக்கு குறையாம இருக்கணும். ஃபைபர் லைன் வருதுன்னு காட்டற பான் லைட் பச்சையா நிக்குது, வைஃபையும் வருது, ஒரு லேன் போர்ட் மட்டும் செத்துப்போச்சுன்னா, அநேகமா லேன் கேபிள் வழியா வந்ததுதான். எல்ஓஎஸ் சிவப்பா எரிஞ்சா பெரும்பாலும் ஃபைபர் வெட்டுப்பட்டிருக்கும், அது வேற கதை.

அடுத்து எர்த். மல்டிமீட்டரை ஏசி 750ல வச்சு, சாக்கெட்ல பேஸுக்கும் நியூட்ரலுக்கும் பாருங்க, 230 பக்கம் வரணும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்தான் இருக்கணும். பேஸ்-எர்த் 100, 120ன்னு காட்டுச்சுன்னா எர்த் ஒயர் எங்கயோ விட்டுப்போயிருக்கு. பழக்கம் இல்லன்னா எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க. இது எர்த் இணைஞ்சிருக்கான்னு மட்டும்தான் சொல்லும், எர்த் குழி நல்லா இருக்கான்னு சொல்லாது.

எர்த் சரின்னா, திடீர்னு எகிறற வோல்டேஜை அடக்கற சர்ஜ் புரொடக்டர் வாங்குங்க. கடைல ஸ்பைக் பஸ்டர்னு தர்ற பலதுல வெறும் சுவிட்சும் ஃபியூஸும்தான் இருக்கும், ஜூல் அளவு அச்சடிச்சு, பாதுகாப்பு இருக்குன்னு காட்ட தனி லைட் இருக்கறதா பாத்து எடுங்க. அந்த லைட் அணைஞ்சுட்டா உள்ள சர்ஜை வாங்கிக்கற எம்ஓவி முடிஞ்சுது, பிளக்ல கரண்ட் வந்தாலும் அதை மாத்திடணும். ஃபைபர் பாக்ஸ், ரவுட்டர், கார்ட்லெஸ் போன் அடாப்டர் எல்லாத்தையும் இந்த ஒரே சர்ஜ் புரொடக்டர்ல சொருகுங்க, ஒண்ணுக்கொண்ணு வோல்டேஜ் வித்தியாசம் பெருசா வராது.

இப்ப முக்கியமான இடம். கீழ் வீட்ல ஃபைபர் பாக்ஸ், அங்க இருந்து 25 மீட்டர் கேட் 6 கேபிள் சுவரோரமா ஏறி மேல் மாடி வீட்டு ரவுட்டருக்கு போகுது, மேல தனி மீட்டர். இது பெங்களூர்ல ரொம்ப சகஜமான அமைப்பு. பக்கத்துல இடி விழுந்தா ரெண்டு முனைக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம், லேன் போர்ட்டுக்குள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் தாங்கணும்னு விதி சொல்றது 1500 வோல்ட். கீழ நீங்க எவ்ளோ நல்ல சர்ஜ் புரொடக்டர் போட்டாலும் இந்த கேபிளை அது பாக்கவே பாக்காது.

லேன் சர்ஜ் புரொடக்டர்னு ஒரு சின்ன டப்பா கிடைக்கும். அது வேலை செய்யணும்னா அதோட எர்த் ஒயர் ரொம்ப குட்டையா இருக்கணும், ஏன்னா 1 மீட்டர் ஒயர்லயே ஒரு வேகமான சர்ஜ் வரும்போது 1000 வோல்ட் கூட நிக்கலாம். வீட்ல யாரு அவ்ளோ கிட்ட எர்த் வச்சிருக்கோம், அதனால நான் அதை சொல்ல மாட்டேன். என் சாய்ஸ், லேன் சிக்னலை ஒளியா மாத்தி ஃபைபர்ல அனுப்பற மீடியா கன்வெர்ட்டர் ஜோடி: கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, நடுவுல செம்புக்கு பதிலா ஃபைபர் பேட்ச் கார்டு. உலோகத் தொடர்பே அறுந்துடும்.

வாங்கும்போதுதான் மாட்டிக்குவாங்க. ஒத்தை ஃபைபர்ல ஓடற மாடல்ல ஒண்ணு ஏ, இன்னொண்ணு பி, ரெண்டுக்கும் அலைநீளம் மாறி மாறி இருக்கும், ரெண்டுமே ஏ வந்துட்டா ஃபைபர் லிங்க் லைட்டே எரியாது. கனெக்டர் நிறமும் பாருங்க, நெட் கம்பெனி பாக்ஸ் பலதுல பச்சை, கன்வெர்ட்டர்ல பெரும்பாலும் நீலம், அதனால ரெண்டு முனையும் நீலமா இருக்கற கார்டு கேளுங்க. பச்சையை நீலத்துல சொருகினா உள்ள போயிடும், சிக்னல்தான் மோசமாகும். கார்டு உள்ள இரும்பு உறை போட்ட ஆர்மர்டு வகை வேண்டாம், பண்ண வேலையே வீணாயிடும். 100 எம்பிபிஎஸ் மாடலும் வேண்டாம், கிகாபிட் எடுங்க.

தெருவுல இருந்து வர்ற டிராப் கேபிள்லயும் சில வகைல தாங்கறதுக்கு இரும்பு கம்பி ஓடும். அந்த கம்பியை வெளிச் சுவர்லயே கட்டி, ஃபைபர் மட்டும் உள்ள வரணும்னு லைன்மேன் கிட்ட சொல்லுங்க.

இவ்ளோ பண்ணாலும் வீட்டு மேலயே நேரா இடி விழுந்தா எதுவும் நிக்காது. மேகம் கருக்கும்போதே பிளக்கும் லேன் கேபிளும் கழட்டிடுங்க, சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது. மினி யூபிஎஸ் இருந்தா அதோட பிளக்கும்தான். இடி தலைக்கு மேல வந்தாச்சுன்னா ஒயரை தொடவே தொடாதீங்க.

அப்டேட்: மாடில சிசிடிவி இருக்கறவங்க கேட்டதுக்கு, லேன் கேபிள்லயே கேமராவுக்கு கரண்ட் தர்ற பிஓஇ பவர் ஃபைபர்ல போகாது. மேல பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட்டும், கன்வெர்ட்டருக்கு அப்புறம் ஒரு சின்ன பிஓஇ இன்ஜெக்டரும் வேணும். இடி அடிச்சா அந்த கேமராவும் இன்ஜெக்டரும் போகலாம், கீழ இருக்கற ஃபைபர் பாக்ஸுக்கு அந்த வழியா எதுவும் வராது.