கணக்கை அழிப்பது கடைசி வேலை

ஆன்லைன் கடை ஒன்றில் மோசமாக அடிபட்டவர்கள் கோபத்தில் முதலில் ஆப்பை நீக்குகிறார்கள். அதிலும் ஆறாவிட்டால் கணக்கையே அழித்துவிடுகிறார்கள். ஆப்பை நீக்கினால் போனில் இடம் காலியாகும், அவ்வளவுதான். முகவரி, கார்டு, மொபைல் எண் எல்லாம் கடையின் சர்வரில் அப்படியே இருக்கும். கணக்கை அழிப்பதோ இன்னும் பெரிய தவறு. வரவேண்டிய பணத்தைக் கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் பதிவுகளில் பெரும்பகுதி அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

மொடக்குறிச்சிப் பக்கம் ஓர் அக்காவுக்கு இது நடந்தது. மகள் கல்யாணச் சீருக்காக இரண்டு பவானி ஜமக்காளம் ஆர்டர் செய்தார், 3,200 ரூபாய். கைத்தறி என்று போட்டிருந்தார்கள், வந்தது விசைத்தறித் துணி. புவிசார் குறியீடு பெற்ற சரக்கின் பெயரில் இப்படி விற்பது நெசவாளிக்கும் செய்கிற துரோகம். அவர் திருப்பி அனுப்பினார், கூரியர் பையனும் வந்து எடுத்துப் போனார். அன்று சாயங்காலமே கணக்கை அழித்துவிட்டார். "தொல்லை உட்டுதுன்னு அழிச்சுப் போட்டனுங்க" என்றார்.

பணம் வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் ஆர்டர் எண் கேட்டார்கள். அதைப் பார்க்கக் கணக்கு இல்லை. திருப்பி அனுப்பும்போது "பணம் எங்கே வேண்டும்" என்று கேட்ட இடத்தில் கடையின் சொந்த வாலட் முன்னதாகவே தேர்வாகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. 3,200 ரூபாய் அந்த வாலட்டுக்குப் போயிருந்தது. கணக்கு அழிந்தபோது வாலட்டும் சேர்ந்து மூடிவிட்டது. மீதித் தொகை காலாவதியாகும் என்று அழிக்கும் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் எழுதியிருந்ததாம்.

அவரைக் காப்பாற்றியது மெயிலில் கிடந்த ஆர்டர் விவரமும், வங்கியின் பற்று எஸ்எம்எஸ்ஸும், கூரியர் ரசீதும்தான். அவற்றை வைத்து கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினார். 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் அப்படி ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அக்கா கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தார். அப்புறம்தான் பணம் கார்டுக்கு வந்தது.

ஆகவே பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை கடைக் கணக்கைத் தொடாதீர்கள். "ரீஃபண்ட் முடிந்தது" என்று கடை அனுப்பும் செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். கடை அனுப்பிவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது, உங்கள் வங்கிக்கு வந்துவிட்டது என்பதை அல்ல. நாள் கடந்தும் வராவிட்டால், கார்டில் கட்டியிருந்தால் ARN எண்ணும், யுபிஐயில் கட்டியிருந்தால் UTR எண்ணும் கடையிடம் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை வைத்து வங்கியால் தேட முடியும். ரசீது, ஆர்டர் எண், உரையாடல் எல்லாவற்றையும் போனுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு பயம் வரும்: சேமித்த கார்டை நீக்கினால் ரீஃபண்ட் வராமல் போய்விடுமோ என்று. போகாது. பணம் பழைய பரிவர்த்தனையின் வழியாகவே திரும்பும், கார்டு சேமிப்பில் இருக்க வேண்டியதில்லை. அதனால் கார்டை இன்றைக்கே நீக்கிவிடலாம்.

கடையில் கார்டு எண் முழுவதும் கிடக்கிறது என்று பதறி கார்டையே பிளாக் செய்பவர்களும் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்தியக் கார்டின் எண்ணைக் கடைகள் சேமிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு டோக்கன்தான் அங்கே இருக்கும், கடைசி நான்கு இலக்கத்தைத்தான் அவர்கள் காட்ட முடியும். அந்த டோக்கன் அந்தக் கடையில் மட்டும்தான் செல்லுபடியாகும். கடையில் நீக்கியபின் வங்கியின் ஆப்பிலோ தளத்திலோ கார்டு பகுதிக்குப் போய், எந்தெந்தக் கடையில் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். இந்தக் கடை இன்னும் அதில் இருந்தால் அங்கேயும் நீக்குங்கள். ஆனால் கார்டு எண்ணையும் ஓடிபியையும் யாரிடமாவது சொல்லியிருந்தால் கதையே வேறு. அப்போது கார்டை உடனே பிளாக் செய்து, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேச வேண்டும்.

டோக்கனோடு நின்றுவிடுவதும் போதாது. அந்தக் கடையின் மெம்பர்ஷிப்பைத் தானாகப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டிருந்தால், அதற்கான அனுமதி தனி. கார்டில் கொடுத்ததை வங்கியின் தளத்தில் ரத்து செய்யுங்கள். யுபிஐயில் கொடுத்திருந்தால் நீங்கள் வைத்திருக்கும் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தில் இருக்கும். கடையில் "அப்புறம் கட்டு" வசதி எடுத்திருந்தால் அது ஒரு கடன் நிறுவனத்தின் கணக்கு. கடைக் கணக்கு போனாலும் கடன் நிற்கும், பாக்கி விழுந்தால் கிரெடிட் அறிக்கையில் ஏறும். தீர்த்துவிட்டு, முடித்த சான்றை வாங்கி வையுங்கள்.

இதெல்லாம் ஆனபின் கணக்கை அழிக்கலாம். அழிக்கும் பட்டன் கண்ணில் படாது, அமைப்புகளில் நாலு பக்கம் தள்ளி ஒளிந்திருக்கும். அதற்காகக் கூகுளில் உதவி எண் தேடாதீர்கள். அங்கே போலி எண்களும் கலந்து வருகின்றன. எடுத்தவன் "கணக்கை மூடித் தருகிறேன்" என்று திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொன்னால் அப்படியே போனை வைத்துவிடுங்கள். ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதி மட்டும் போதும். அழித்தபின் "போச்சா" என்று பார்க்க மறுபடி உள்ளே நுழையவும் வேண்டாம். சில கடைகள் சில வாரம் அவகாசம் வைத்திருக்கின்றன, அதற்குள் நுழைந்தால் அழிப்பு ரத்தாகிவிடும். இன்னொன்று, உங்கள் ரசீதை அவர்கள் அழிக்க மாட்டார்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கடை தன் கணக்கு வழக்குகளை வைத்திருக்க வேண்டும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

விளம்பரச் செய்திகளை அழிப்பதற்கு முன்பே நிறுத்துங்கள், ஏனென்றால் அறிவிப்பு அமைப்புகளும் கணக்குக்குள்தான் இருக்கின்றன. விளம்பர அழைப்பையும் செய்தியையும் தடுக்கப் பதிவு செய்வதுதான் டிஎன்டி. "நான் டிஎன்டி போட்டும் வருதுங்களே" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் கேள்வி. கணக்குத் தொடங்கும்போது விளம்பரத்துக்குச் சம்மதம் என்று டிக் செய்திருந்தால், டிஎன்டி அந்தக் கடையைத் தடுக்காது. அந்தச் சம்மதத்தைக் கடையிலேயே திரும்பப் பெற வேண்டும். அதற்கப்புறமும் வந்தால், எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: P என்றால் விளம்பரம், S என்றால் சேவை, T என்றால் பரிவர்த்தனை. P வந்தால் ஏழு நாளுக்குள் 1909ல் அல்லது தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பில் புகார் செய்யலாம். ரீஃபண்ட் நிலுவையில் இருக்கும்வரை S, T செய்திகளைத் தடுக்காதீர்கள், பணம் பற்றிய தகவல் அவற்றில்தான் வரும்.

வாட்ஸ்அப்புக்கு டிஎன்டி செல்லாது. அந்தக் கடையின் எண்ணை அங்கேயே பிளாக் செய்ய வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "நிறுத்த இங்கே தட்டவும்" என்று லிங்க் வந்தால் தட்டாமல் நீக்கிவிடுங்கள். அது அந்தக் கடையிலிருந்து வந்ததாகவே இருக்காது.