ஒரு ட்ரே முட்டையில் உண்மையில் எவ்வளவு நிற்கிறது? முட்டை வியாபாரத்தில் கணக்கைக் கோட்டை விடும் இடங்கள்

வாங்கின விலை முட்டைக்கு 10, விற்கிற விலை 11.50, அப்போ ஒரு முட்டைக்கு 1.50, ட்ரேக்கு 30 முட்டை, ஆக ஒரு ட்ரேக்கு 45 லாபம். முட்டை வியாபாரத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். மாதக் கடைசியில் கல்லாவில் இருக்கிற பணத்தை எண்ணிப் பார்த்தால் ட்ரேக்கு 45 என்று எங்குமே தெரியாது. யாராவது திருடிவிட்டார்களோ என்று கூடத் தோன்றும். திருட்டெல்லாம் இல்லை, கணக்கு போட்ட விதம்தான் தப்பு.

இங்கே நான் சொல்கிற 10, 11.50 எல்லாம் உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட எண்கள். எந்தக் காசாகவும் இருக்கட்டும், உங்கள் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள், நடக்கிறது ஒன்றுதான்.

ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். 100 ட்ரே, 3000 முட்டை. கொள்முதல் 30,000. வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து 1,200, அதாவது ட்ரேக்கு 12. சரி, 45-ல் 12 போனால் 33, இதுவரை பலரும் கழித்துவிடுகிறார்கள். அப்புறம் சேதாரம். 3000-ல் 90 முட்டை போகிறது என்று வைப்போம், அதாவது 100-க்கு 3. அதில் 40 மொத்தமாக உடைந்து ஒழுகியது, தூக்கிப் போட வேண்டியதுதான். மீதி 50 ஓட்டில் மட்டும் கீறல் விழுந்தது, உள்சவ்வு கிழியவில்லை, அதை அன்றே நன்றாக வேகவைத்துச் சமைக்கிற இடத்துக்கு 6 விலையில் தள்ளிவிட்டோம்.

இந்த 90 முட்டையைக் கணக்கில் எழுதும்போதுதான் முதல் தவறு நடக்கிறது. நிறையப் பேர் "100-க்கு 3 தானே, லாபத்தில் 100-க்கு 3 குறைத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். 3,300 லாபத்தில் 100-க்கு 3 என்றால் 99, அவ்வளவுதான் என்று நினைப்பு. ஆனால் உடைந்த முட்டையோடு போவது அதன் லாபமான 1.50 மட்டும் இல்லையே, அதை வாங்கக் கொடுத்த 10-ம் சேர்ந்துதான் போகிறது. ஒழுகின முட்டை ஒவ்வொன்றும் வரவில் 11.50-ஐ எடுத்துக்கொண்டு போகிறது, 40-க்கு 460. கீறல் முட்டை ஒவ்வொன்றும் 11.50-க்குப் பதில் 6 தருகிறது, அதில் 5.50 நட்டம், 50-க்கு 275. இரண்டும் சேர்த்து 735. 99 என்று நினைத்த இடத்தில் 735. இப்போது 3,300-ல் 735 போனால் 2,565, ஒரு ட்ரேக்கு 25.65. காகிதத்தில் 45 என்று ஆரம்பித்தது பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது.

இதை இன்னொரு விதமாகப் பார்த்தால் மனதில் நன்றாகப் பதியும். வண்டிச் செலவு போக ஒரு நல்ல முட்டையில் நமக்கு நிற்பது 1.10. ஒரு முட்டை கை தவறிக் கீழே விழுந்தால் அதன் கொள்முதல் விலையை மட்டும் மீட்க ஒன்பது முட்டைக்கு மேல் விற்க வேண்டும். இந்த லோடில் சுமார் 287 முட்டை, அதாவது 100-க்கு 9.6 ஒழுகிப்போனால் லாபம் சுத்தமாகப் பூஜ்யம். ஒரு ட்ரேயில் மூன்று முட்டை உடைந்தால் மீதி 27 முட்டையை ஓசிக்குத்தான் சுமந்து வந்து விற்கிறோம்.

அதனால் சேதாரத்தை "உடைசல் இவ்வளவு" என்று ஒரே எண்ணாக எழுதி வைக்காதீர்கள். ஒழுகியது தனி, கீறல் தனி என்று எழுதுங்கள், இரண்டின் நட்டமும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது. கீறல் முட்டையை விற்கக் கூடாது என்று விதி இருக்கும் இடத்தில் அதன் விலையும் பூஜ்யம்தான், அங்கே இதே லோடின் லாபம் 2,265 ஆகிவிடும்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம், எங்கே உடைந்தது என்று பார்க்காமல் விடுவது. கடைக்கு வந்து இறக்கி, இரண்டு நாள் கழித்து அடி ட்ரேயைத் தூக்கும்போதுதான் உடைந்திருப்பது தெரிகிறது, உடனே பழி வண்டிக்காரர் மேல் விழுகிறது. ஆனால் ட்ரேயே சொல்லிவிடும். அட்டைக் குழியில் மஞ்சள் காய்ந்து, முட்டை அட்டையோடு ஒட்டிப்போய், எடுத்தால் அட்டை நார் பிய்ந்து ஓட்டோடு வருகிறதா? கடைக்கு வந்து இறங்கின உடனே இப்படி இருந்தால் அது வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே உடைந்தது. ஈரம் இன்னும் பிசுபிசுவென்று இருந்தால் வழியில் உடைந்தது. எல்லா அடுக்கிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீறல் இருந்தால் ஓடே மெலிசு என்று அர்த்தம். வயதான கோழி பெரிய முட்டையாகப் போடும், ஆனால் ஓடு மெலிந்துவிடும், கடும் வெயில் காலத்திலும் ஓடு பலவீனமாகும். அடி ட்ரேக்களில் மட்டும் உடைந்திருந்தால் அடுக்கினதில் கோளாறு. ஓரத்துக் குழிகளில் மட்டும் என்றால் கயிறு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது.

இது தெரியாமல் போனால் யாரிடம் பேசுவது என்பதே தெரியாது. ஏற்றும் இடத்திலேயே லோடுக்கு ஐந்தாறு ட்ரேயாவது நடுவிலிருந்து உருவிப் பாருங்கள், மேல் ட்ரேயைப் பார்த்துவிட்டுத் தலையாட்ட வேண்டாம். மயிரிழைக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு முட்டையைக் கையில் எடுத்து மெதுவாக ஒன்றோடொன்று தட்டினால் நல்ல முட்டை கணீரென்று கேட்கும், கீறல் முட்டை பொத்தென்று மங்கலாகக் கேட்கும். நாலு நாள் தட்டினால் காது பழகிவிடும். அங்கேயே கண்டுபிடித்தால் மாற்றிக் கொடுப்பார்கள். வண்டி புறப்பட்ட பிறகு அது நம் முட்டை.

அடுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டை ட்ரேயை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது ஒவ்வொன்றையும் கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும், அப்போதுதான் மேல் ட்ரேயின் எடை கீழ் ட்ரேயின் மேடுகளில் உட்காரும். ஒரே திசையில் வைத்தால் மேல் ட்ரே கீழே அமுங்கி, எடை முழுக்க முட்டை மேல் ஏறும். ஒரு முழு ட்ரே ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ, மேலே பத்து ட்ரே இருந்தால் அடியில் இருப்பதன் தலையில் பதினேழு கிலோ. அதிலும் நடுவில் ஒரு முட்டை ஒழுகி அட்டை நனைந்துவிட்டால் அந்த மேடு குழைந்துபோகும், பிறகு பக்கத்து முட்டைகளும் வரிசையாகப் போகும். அதனால் ஈரமான ட்ரேயைக் கண்ட உடனே மாற்றிவிடுங்கள், காசு கொடுத்து நாலு காலி ட்ரே கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நட்டமே இல்லை.

வண்டிச் செலவில் நடக்கும் தவறு சின்னது, ஆனால் அடிக்கடி நடக்கும். "ட்ரேக்கு 12" என்று ஒருமுறை மனதில் பதித்துவிட்டு, சரக்கு கிடைக்காத நாளில் 60 ட்ரே மட்டும் ஏற்றி வந்தாலும் அதே 12-ஐயே எழுதுகிறோம். வண்டி வாடகை நடைக்குத்தான், ட்ரேக்கு இல்லை. வாடகை குறையாமல் 60 ட்ரே வந்தால் ட்ரேக்கு 20 ஆகிவிட்டது. சொந்த வண்டி என்றால் எரிபொருளை மட்டும் எழுதிவிட்டு டயர் தேய்மானத்தையும் போய் வருகிற அரைநாளையும் விட்டுவிடுகிறார்கள், அதுவும் செலவுதான்.

கடைசியாக மொத்தக் கொள்முதல் ஆசை. 200 ட்ரே எடுத்தால் முட்டை 9.85-க்குத் தருகிறேன் என்கிறார் கொடுப்பவர். வண்டிச் செலவும் 1,500-க்குள் அடங்கிவிடுகிறது, ட்ரேக்கு 7.50. காகிதத்தில் பார்த்தால் ட்ரேக்கு 9 மிச்சம், யாருக்குத்தான் ஆசை வராது.

ஆனால் நம் கடையில் ஒரு நாளைக்கு 25 ட்ரேதான் ஓடுகிறது என்றால் 100 ட்ரே நாலு நாள், 200 ட்ரே எட்டு நாள். கடையில் உயரமாக அடுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு நாளும் இடம் மாற்ற வேண்டியிருக்கும், தொடத் தொட உடையும். சேதாரம் 100-க்கு 5 என்று ஏறுகிறது: 300 முட்டை, அதில் 140 ஒழுகியது, 160 கீறல். நாள் ஆக ஆக முட்டை ஓட்டின் துளைகள் வழியே ஈரம் வெளியேறி எடை குறையும், உள்ளே காற்றறை பெரிதாகும், குலுக்கிப் பார்க்கிற வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் கடைசி 30 ட்ரே, 900 முட்டையை 10.50-க்கு இறக்கி விற்கிறோம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 4,800 முட்டை 11.50-க்கு 55,200. 900 முட்டை 10.50-க்கு 9,450. கீறல் 160-க்கு 960. மொத்த வரவு 65,610. கொள்முதல் 59,100, வண்டி 1,500. நிற்பது 5,010, ட்ரேக்கு 25.05. சின்ன லோடில் கிடைத்ததைவிட 60 காசு குறைவு. நாள் கணக்கில் பார்த்தால் சின்ன லோடு ஒரு நாளைக்கு 641 தந்தது, பெரிய லோடு 626 தருகிறது, அதுவும் இரண்டு மடங்கு பணத்தை முடக்கி. நடுவில் கொள்முதல் விலை இறங்கினால் பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைப்பார், நம்மிடம் பழைய விலைச் சரக்கு தேங்கி நிற்கும்.

தள்ளுபடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு 50 ட்ரே ஓடுகிற கடைக்கு அதே 200 ட்ரே நாலு நாளில் தீர்ந்துவிடும், சேதாரமும் 3-லேயே நிற்கும், அங்கே அந்த 9 முழுசாகக் கைக்கு வரும். அதனால் "எத்தனை ட்ரே எடுத்தால் என்ன விலை" என்று கேட்பதற்கு முன்னால் நம் கடையில் நாலு நாளில் எத்தனை ட்ரே போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பக்கம் போதும்: வந்தது எத்தனை, இறக்கும்போது ஒழுகியது எத்தனை, கீறல் எத்தனை, கடையில் உடைந்தது எத்தனை, வண்டிக்குக் கொடுத்தது எவ்வளவு, கடைசி முட்டை விற்ற தேதி என்ன. லோடு முழுக்கத் தீர்ந்த பிறகு மொத்த வரவில் மொத்தச் செலவைக் கழித்து, வந்த ட்ரே எண்ணிக்கையால் வகுங்கள். சரக்கு பாதி இருக்கும்போதே விற்ற ட்ரேக்களின் வரவு செலவை மட்டும் வைத்து வகுத்தால் எண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும், ஏனென்றால் உடைசலும் விலை இறக்கமும் பெரும்பாலும் கடைசி ட்ரேக்களில்தான் வருகின்றன.