ஒரு தாரின் எடை தப்பினால் சராசரியை எப்படித் திருத்துவது?

களக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் 25 ஏத்தன் வாழைத்தார்களை எடை போட்டு, சராசரி 12.4 கிலோ என்று எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பிறகு நோட்டைப் பார்த்தால், 13 கிலோ தார் ஒன்று 31 என்று பதிவாகியிருக்கிறது. (இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும், இங்கே 18.) இதற்காக 25 எடையையும் மறுபடி கூட்ட வேண்டாம். சரியான எடையிலிருந்து தவறான எடையைக் கழித்து, எண்ணிக்கையால் வகுத்து, பழைய சராசரியோடு சேர்த்தால் போதும்:

12.4 + (13 − 31) ÷ 25 = 12.4 − 0.72 = 11.68

நிறையப் பேர் சறுக்குவது குறியில்தான். 31-லிருந்து 13-ஐக் கழித்து, வந்த 0.72-ஐக் கூட்டிவிடுவார்கள், 13.12 கிடைக்கும். எடையைக் கூட்டி எழுதியிருந்தால் திருத்திய சராசரி இறங்கியே ஆக வேண்டும், குறைத்து எழுதியிருந்தால் ஏற வேண்டும். கணக்குப் போடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துகொண்டால் குறி தப்பாது.

இதைவிடப் பெரிய குழப்பம், திருத்துவதா நீக்குவதா என்பது. அந்த 31 பக்கத்துத் தோட்டத்துத் தாரின் எடை, தவறுதலாக இந்தப் பட்டியலில் ஏறிவிட்டது என்றால், அதற்குப் பதிலாக வைக்க வேறு எடை கிடையாது. தார்கள் 24 ஆகிவிடும். அப்போது பழைய சராசரியிலிருந்து நீக்கும் எடையைக் கழித்து, மீதமுள்ள எண்ணிக்கையால் வகுத்து, பழைய சராசரியோடு சேர்க்க வேண்டும்:

12.4 + (12.4 − 31) ÷ 24 = 12.4 − 0.775 = 11.625

இங்கே 31-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 0 போடுவதும், 25-ஆலேயே வகுப்பதும் ஒரே தப்புதான், இரண்டிலும் 11.16 என்று வரும். எக்செல்லில் கட்டத்தைக் காலியாக விட்டால் `AVERAGE` அதை எண்ணாது, 0 போட்டால் எண்ணும். அந்தக் கட்டத்தை என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் விடையை நம்பக் கூடாது.

அடுத்தது தசமம். நோட்டில் இருக்கும் 12.4 முழுமையாக்கிய எண்ணாக இருக்கலாம். மொத்தம் 309 கிலோ என்றால் சராசரி 12.36, 311 என்றால் 12.44, இரண்டையும் 12.4 என்றுதான் எழுதுவோம். 0.72 துல்லியமானதுதான், ஆனால் பழைய சராசரியில் இருந்த தெளிவின்மை அப்படியே தங்கிவிடும். ஆகவே மொத்த எடை கையில் இல்லாதபோது 11.68 என்று எழுதுவது வீண் துல்லியம், 11.7 போதும். மொத்தம் இருந்தால் அதிலிருந்து 18-ஐக் கழித்து 25-ஆல் வகுப்பதே நல்லது.

இந்தக் குறுக்குவழி சராசரிக்கு மட்டுமே. நடுத்தார் எடையை, அதாவது இடைநிலையை, இப்படித் திருத்த முடியாது. 13-ம் 31-ம் இடைநிலைக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் அது அசையவே அசையாது. இருபக்கமும் விழுந்தால் எடைகளை வரிசைப்படுத்தித்தான் பார்க்க வேண்டும்.