லென்ஸ் வைத்த கண் மறுபடி மங்கினால்: யாக் லேசருக்குப் போகும் முன்னும் பின்னும்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன வருடம் வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், பதினான்காவது மாதம் போன் செய்தார். "மறுபடி பொரை வந்துடுச்சுடா. ரங்கநாதன் தெருப் பக்கம் லைட் எல்லாம் சிலந்தி வலை மாதிரி பரவித் தெரியுது."

கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் அறையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். இந்த வாக்கியத்தை வாரத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். புரை மறுபடி வருவதில்லை. வருவது வேறொன்று. அதற்கு யாக் லேசர் என்ற ஐந்து நிமிட வைத்தியம் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. பெரியம்மாவை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், மங்குவது எது?

நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மெல்லிய தோல், உள்ளே சதை. கண்ணின் இயற்கை லென்ஸும் ஏறக்குறைய அப்படித்தான். புரை ஆபரேஷனில் தோலின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு வாசல் திறந்து, மங்கிப்போன சதையை எடுத்துவிட்டு, அந்தத் தோல் பைக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பையின் பின்பக்கத் தோல் அப்படியே இருக்கும். அதன் தடிமன் சுமார் 4 மைக்ரான்தான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எவ்வளவு கவனமாகச் சுத்தம் செய்தாலும் பையின் ஓரத்தில் சில செல்கள் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அவை மாதக்கணக்கில் பெருகி, லென்ஸுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து நடுப்பகுதிக்கு வந்து, கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி மறைக்கும். ஜவ்வரிசி மணிகள் போலத் திரளுவதும் உண்டு, தோலே சுருங்கி வெள்ளைத் தழும்பு ஆவதும் உண்டு. சில மாதத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். இப்போதைய லென்ஸ்களின் ஓரத்தைச் சதுர விளிம்பாகச் செய்வதே இந்தச் செல்களுக்கு வரப்புக் கட்டத்தான். அதைத் தாண்டியும் சில வந்துவிடும். ஆபரேஷன் சரியில்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

மருத்துவர் சீட்டில் 'பி.சி.ஓ.' என்று எழுதுவார். "ஏன்டா, கண்ணுல டெலிபோன் பூத்தா?" என்று பெரியம்மா கேட்டார். மஞ்சள் பெட்டிகளுக்கு முன் சில்லறையோடு நின்ற தலைமுறைக்கு அந்த மூன்றெழுத்து அப்படித்தான் ஞாபகம் வரும். சீட்டில் இருப்பதற்கு, பின் உறை மங்கல், அதாவது அந்தப் பின்பக்கத் தோல் மங்குவது என்று பொருள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சின்னச் சோதனை

தினத்தாள் காலண்டர் எதிரே, தினமும் ஒரே நாற்காலியில் உட்காருங்கள். போட்டிருக்கும் கண்ணாடியோடு, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மற்றதால் ராசிபலன் எழுத்தைப் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் வேலையை ஏற்றுக்கொண்டுவிடும், குறை தெரியாது. பெரியம்மா இப்படிப் பார்த்தபோதுதான் வலது கண்ணுக்குப் பெரிய தேதி எண் மட்டும் தெரிந்தது, ராசிபலன் வரி வெறும் சாம்பல் கோடாக இருந்தது.

அடுத்து அதே கண்ணால் ஜன்னல் கிரில்லைப் பாருங்கள். கம்பிகள் மங்கலாக, ஆனால் நேராகத் தெரிந்தால் பின் உறையாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பி வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் சந்தேகம் விழித்திரையின் மேல் போக வேண்டும். அதற்கு இந்த லேசர் எதுவும் செய்யாது. நேராகத் தெரிவதாலேயே விழித்திரை நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது.

பின் உறை மங்கலில் வலி இருக்காது, சிவப்பு இருக்காது, கண் ஒரே நாளில் மங்கிவிடாது. இவற்றில் ஏதாவது இருந்தால் சோதனை செய்துகொண்டு வீட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மருத்துவமனையில் சரி சொல்வதற்கு முன்

நான் நிதானிக்கச் சொல்வது இந்த இடத்தில்தான். லேசர் எளிது என்பதாலேயே இங்கே அவசரப்படுகிறார்கள். பின் உறையில் கொஞ்சம் மங்கல் பலருக்கு இருக்கும். பார்வை குறைவதற்குக் காரணம் அதுதானா என்பதே கேள்வி.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தபோது அந்தக் கண்ணில் 6/6 பார்வை இருந்தது. இப்போது 6/18. அதாவது மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை அவர் 6 மீட்டருக்கு நெருங்கி வந்துதான் படிக்க முடிகிறது. ஊசித்துளை போட்ட அட்டை வழியாகப் படிக்கச் சொன்னேன், பெரிதாகத் தெளியவில்லை. நன்றாகத் தெளிந்திருந்தால் கண்ணாடி பவர் மாறியிருக்கிறது என்று பார்த்திருப்போம். அவருக்குச் சர்க்கரையும் உண்டு. அதனால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா என்று ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை. கண் பாப்பாவை விரித்து விழித்திரை ஓரங்களையும் பார்த்தார்கள், கிழிசலோ மெலிந்த இடமோ இல்லை. இத்தனைக்கும் பிறகுதான் "யாக் பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு முன் பெரிய மைனஸ் பவர் இருந்தவர்கள் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். யாக்குக்குப் பிறகு விழித்திரை விலகும் ஆபத்து அவர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

இன்னொரு விஷயம். மல்டிஃபோகல் லென்ஸ் வைத்துக்கொண்ட சிலர், ஆபரேஷன் ஆன முதல் வாரத்திலிருந்தே விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சொல்வார்கள். அந்த வளையம் பெரும்பாலும் லென்ஸின் அமைப்பால் வருவது. பின் உறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதற்காக அவசரப்பட்டு யாக் செய்துவிட்டால், பிறகு லென்ஸையே மாற்ற வேண்டி வரும்போது பை திறந்து கிடக்கும், அந்த ஆபரேஷன் மிகவும் சிக்கலாகிவிடும். ஆகவே "நடுவில் நன்றாகத் தெரிந்து பிறகு மங்கியதா, முதலிலிருந்தே இப்படியா" என்று டாக்டர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ஆபரேஷன் ஆகி சில மாதங்கள் போகும்வரை பொதுவாகக் காத்திருப்பார்கள். கண்ணில் அழற்சி இருந்தால் முதலில் அது அடங்க வேண்டும்.

லேசர் அன்று

சாப்பிட்டுவிட்டே போகலாம், வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொள்ளலாம். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், விரிய அரை மணிக்கு மேல் ஆகும். சில மணி நேரம் கண் கூசும். சென்னை வெயிலில் வண்டி ஓட்டித் திரும்ப முடியாது. கூட ஒருவரும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருக்கட்டும். கண் அழுத்தம் ஏறாமலிருக்க இன்னொரு சொட்டும், மரத்துப்போக ஒன்றும் விடுவார்கள். ஊசி கிடையாது.

கருவி, பரிசோதனை மேசையில் ஏற்கெனவே பார்த்த ஸ்லிட் லாம்ப் மாதிரியே இருக்கும். தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்ள வேண்டும். பிசுபிசுப்பான ஜெல் தடவிய சின்னக் கண்ணாடி ஒன்றைக் கண் மேல் வைப்பார்கள். இமை மூடாமல் அது பிடித்துக்கொள்ளும், கதிரையும் கூர்மையாகக் குவிக்கும். எல்லோரும் இதை வைப்பதில்லை.

யாக் லேசரின் கதிர் 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. எங்கே படப்போகிறது என்று காட்டத்தான் சிவப்புப் புள்ளிகள். கதிர் சுட்டுப் பொசுக்குவதில்லை. நானோ நொடிக் கணக்கில் ஒரே புள்ளியில் குவிந்து, அங்கே நுண்ணிய வெடிப்பை உண்டாக்கி உறையைக் கிழிக்கிறது. குறியை லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைப்பார்கள், இல்லாவிட்டால் லென்ஸிலேயே சின்னப் புள்ளிக் குழி விழும். அப்படி ஒன்றிரண்டு விழுந்தாலும் பெரும்பாலும் பார்வைக்குத் தெரியாது.

பெரியம்மாவுக்கு 28 தட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிஜூல். கூட்டல் குறி வடிவில் கிழித்ததும் உறை நான்கு இதழாக விலகிக்கொண்டது. நடுவில் ஏறக்குறைய 4 மி.மீ. வாசல். டிக், டிக் என்று சத்தம் கேட்டதாகவும், கேஸ் லைட்டரைக் காதருகே தட்டின மாதிரி இருந்ததாகவும் சொன்னார். வலி இல்லை. நடுவில் ஒருமுறை யாரோ அறைக் கதவைத் திறக்க, அவர் தலையைத் திருப்பப் போனார். டாக்டர் உடனே காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார். நீங்கள் அசையாமல் இருக்க வேண்டியது இதற்காகத்தான். கை நடுக்கம், தொடர் இருமல் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கண் அழுத்தம் பார்த்தார்கள். முன்பு 14, இப்போது 17. இது சாதாரணம். குளுக்கோமா உள்ளவர்கள் இந்த அளவை எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கட்டு இல்லை. அன்று இரவே டிவி பார்க்கலாம், மறுநாள் தலைக்குக் குளிக்கலாம், அடுப்படியில் நிற்கலாம். ஆபரேஷனுக்குச் சொன்ன பத்தியம் எதுவும் இதற்கில்லை. பெரியம்மா இதை நம்பவே இல்லை, மூன்று நாள் தாளிக்க மறுத்தார். எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைச் சில நாள் விட்டால் போதும்.

மறுநாள் காலையில் காலண்டரில் மேஷம் முதல் மீனம் வரை படித்தார். கூடவே கறுப்பாகக் கொசு பறக்கிறது என்றார். கிழிந்த உறையின் துணுக்குகள்தான் அவை. சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில் கீழே இறங்கிவிடும்.

ஆனால் கொசுக்கள் திடீரென்று மழைபோல் கூடினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, பக்கத்திலிருந்து திரை இழுத்த மாதிரி ஒரு பகுதி மறைந்தாலோ அது விழித்திரை விலகலாக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து வந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். தெளிந்த பார்வை சில வாரத்தில் மறுபடி மங்கி, நடுப்பகுதி நெளிந்தால் விழித்திரையில் நீர் கோத்திருக்கலாம். சொட்டு மருந்தில் பெரும்பாலும் அது வற்றும், ஆனால் காட்டியாக வேண்டும்.

திறந்த வாசல் பெரியவர்களுக்கு மறுபடி மூடிக்கொள்வது அபூர்வம். கண்ணாடி பவரை ஒரு இரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் சமயத்தில் கொடுத்த லென்ஸ் கார்டு வீட்டில் எங்காவது இருக்கும், அதன் பின்னால் எந்தக் கண், என்ன தேதியில் யாக் செய்தது என்று எழுதி வையுங்கள். பெரியம்மா வீட்டில் அது ரேஷன் கார்டு கவருக்குள் இருந்தது.