சென்ட்ரிங் சாமான் வாடகை: கணக்கு எங்கே தவறுகிறது?

வீடு கட்டும் வேலை ஓயாமல் நடக்கும் ஊர்களில், தளம் போடும்போது காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் ஷீட்டுகளையும், அவற்றுக்கு முட்டாக நிற்கும் ஜாக்கிகளையும் வாங்கி வாடகைக்கு விடுவது நிலையான வருமானம் தரும் தொழிலாகக் கருதப்படுகிறது. இரும்புச் சாமான் அழுகிப்போகாது, பழைய இரும்பாக விற்றாலும் ஏதாவது தேறும் என்பதெல்லாம் உண்மைதான். ஆயினும் இதில் இறங்கிய பலர் ஓரிரு ஆண்டுகளில் சாமானை விற்றுவிட்டு வெளியேறுவதற்குக் காரணம், பெரும்பாலும் வாடிக்கையாளர் இல்லாமை அன்று. முதல் நாளில் போட்ட கணக்கே.

ஆயிரம் சதுர அடித் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றடிக்கு இரண்டடி ஷீட் ஒன்று ஆறு சதுர அடியை மூடும் என்பதால், ஏறத்தாழ 170 ஷீட்டுகள் வேண்டும். மூன்றடி இடைவெளியில் முட்டுக் கொடுத்தால் 110 ஜாக்கிகள் வரை தேவைப்படும். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒவ்வொன்றின் விலையும் 1,000 ரூபாய் என்றும், நாள் வாடகை 2 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், முதலீடு 2,80,000 ரூபாய். நாள் வாடகை 560 ரூபாய். இதை முப்பதால் பெருக்கி, மாதம் 16,800 ரூபாய் வரும், பதினேழு மாதங்களில் முதல் திரும்பிவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு.

சாமான் வருடம் முழுவதும் வெளியில் இருப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் புதுவேலை தொடங்கப் பலர் தயங்குவார்கள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் காங்கிரீட் தள்ளிப்போகும். ஒரு தளத்துக்கு 22 நாள் வாடகை கிடைத்து, ஆண்டுக்கு எட்டுத் தளங்கள் அமைந்தால், வருமானம் 98,560 ரூபாய்தான். முதலில் போட்ட கணக்கில் இது பாதிகூட இல்லை. கிடங்கு வாடகையும் ஏற்றுகூலியும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

அந்த 22 நாள் எப்படி வருகிறது என்று தெரியாமல் இருப்பதே அடுத்த தவறுக்கு வழிவிடுகிறது. சென்ட்ரிங் அடிக்கவும் கம்பி கட்டவும் ஒரு வாரம் ஆகிவிடும். காங்கிரீட் போட்ட பிறகு, தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டுகள் குறைந்தது ஏழு நாளும், அதற்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பதினான்கு நாளும் நிற்க வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது; ஆறு மீட்டர் வரையிலான பீமுக்குப் பதினான்கு நாள், அதற்கு மேல் 21 நாள். அந்த ஒரு வாரமும் இந்தப் பதினான்கு நாளும் கழற்றும் நாளும் சேர்ந்ததே 22. தரவிதியின் இந்த நாட்கள் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரியவை. கடைகளில் இப்போது பரவலாகக் கிடைக்கும், எரிசாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக வலுப்பெறுவதால், பொறியாளர்கள் இன்னும் சில நாள் கூட்டியே சொல்வார்கள். அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று மேஸ்திரியை அவசரப்படுத்தி ஜாக்கியைக் கழற்றச் சொல்லும் உரிமையாளர், ஒரு வார வாடகைக்காகத் தளம் தொய்வதற்கும் அதைவிட மோசமானதற்கும் காரணமாகிறார். ஆகவே இத்தனை நாளுக்குக் குறைந்தபட்ச வாடகை, அதற்கு மேல் நாள் கணக்கு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. மழை நாளுக்கு வாடகை உண்டா, சாமான் ஏற்றிய நாள் முதலா இறக்கிய நாள் முதலா என்பதையும் அதே தாளில் முடித்துவிட வேண்டும். பிற்பாடு எழும் சண்டைகளில் பாதி இதைப் பற்றியதாகவே இருக்கும்.

எல்லாவற்றிலும் அதிகப் பணத்தைத் தின்பது, சாமான் திரும்பி வரும்போது அதை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுவதாகும். மேலே சொன்ன தளத்தின் மொத்த வாடகை 12,320 ரூபாய். ஆறு ஷீட்டுகள் பயனற்றுப் போனால் 6,000 ரூபாய், அதாவது ஏறக்குறைய பாதி வாடகை, போய்விட்டது. ஆனால் ஷீட் அரிதாகத்தான் காணாமற்போகும். கடப்பாரையால் நெம்பியதால் ஓரம் மடங்கி, முகத்தில் காங்கிரீட் பொருக்குத் தட்டித்தான் பெரும்பாலும் திரும்பி வரும். எண்ணிக்கை சரியாக இருக்கும், அடுத்த தளத்தில் இரண்டு ஷீட்டுக்கும் நடுவே சிமெண்ட் பால் ஒழுகும். இரண்டு ஷீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஓரக் கோணல் உடனே தெரிந்துவிடும். காங்கிரீட் போடும் முன் ஷீட்டில் எண்ணெய் பூச வேண்டும் என்பதை வாடகைச் சீட்டிலேயே எழுதிவிடுவது பொருக்கைப் பெருமளவு குறைக்கும்.

ஜாக்கியில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். உள்குழாய் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். தடுத்தால் வெளிக்குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. மரையில் சிமெண்ட் பால் காய்ந்திராமல் கையாலேயே திருக வர வேண்டும். மூன்றாவது, உள்குழாயை வேண்டிய உயரத்தில் நிறுத்தும் இரும்புப் பின். வேலையிடத்தில் பின் தொலைந்தால் கம்பித் துண்டைச் செருகிவிட்டு அப்படியே திருப்பி அனுப்புவார்கள். அந்தத் துண்டு அடுத்த தளத்தில் ஈரக் காங்கிரீட்டின் எடையில் வளைந்தால் அந்த முட்டு இறங்கிவிடும். பின்னின் விலை அற்பம்தான் என்பதால் யாரும் அதைச் சீட்டில் எழுதுவதில்லை. ஜாக்கி 110 என்று எழுதும் வரிக்குக் கீழேயே பின் 110 என்றும் எழுதி, லாரியிலிருந்து இறக்கும்போதே, வாடகை முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு முன், இரண்டையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும்.