நல்ல மாதத்தை வைத்துத் தவணை போடாதீர்கள்: டெலிவரிக்கு பைக் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீசிங் மேசையில் உட்கார்ந்ததும் முதலில் வரும் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்டலாம்?" கொழும்பில் சாப்பாட்டு ஓடர் ஓடுகிற பெரும்பாலானோர் அந்த நேரத்தில் நினைத்துப் பார்ப்பது போன மாதம் செயலியில் தெரிந்த மொத்தத் தொகையை. அதுவும் மழை குறைந்து, ஓடர் நிறைய விழுந்த ஒரு நல்ல மாதத்தின் தொகையை. நான் பார்த்த வரையில் பின்னால் வருகிற சிக்கல்களில் பெரும்பாதி இந்த ஒரு பதிலில்தான் தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மட்டக்குளியில் இருக்கும் ஒரு தம்பி 600,000 ரூபாவுக்கு பைக் ஒன்றைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முற்பணம் 200,000, மிச்சம் 400,000 லீசிங். 36 மாதம், மாதம் 15,778 ரூபா. அவர் கொட்டாஞ்சேனை, கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை என்று ஒரு நாளைக்கு 120 கிலோமீற்றர் ஓடுகிறார். ஓடர் இல்லாமல் சும்மா சுற்றுகிற தூரமும், வீடு திரும்புகிற தூரமும் இதில் சேரும். நல்ல மாதத்தில் 26 நாள் வேலை, நாளுக்கு சராசரி 4,000 ரூபா. மொத்தம் 104,000. "ஒரு லட்சத்துக்கு மேல வருது அண்ணா, பதினைஞ்சாயிரம் கட்ட ஏலாதா?" என்று கேட்பார். அந்த மாதத்தில் கட்டலாம்தான்.

ஆனால் அந்த 4,000இல் எவ்வளவு அவருடையது? காலி வீதி நெரிசலில் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 2.7 லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் 800 ரூபா. ஒயில், டயர், செயின் செட், பிரேக் ஷூ எல்லாவற்றுக்குமாகக் கிலோமீற்றருக்கு இரண்டரை ரூபா ஒதுக்கினால் 300. ஆக, நாளுக்குக் கையில் நிற்பது 2,900. ஒயிலும் டயரும் தினமும் வாங்குவதில்லை என்பதால் அந்த 300ஐ யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு இரண்டு டயரும் செயின் செட்டும் ஒரே மாதத்தில் வந்து விழும்போது தவணைக் காசுதான் கராஜுக்குப் போகும்.

இன்னொன்று, காசாக வாங்குகிற ஓடர்கள். இரவில் பொக்கற்றில் இருக்கும் காசில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக் கடைக்கும் கம்பனிக்கும் போக வேண்டிய பணமாக இருக்கலாம். வாரக் கணக்கில் அது கழிபடும். பொக்கற்றைப் பார்த்து வருமானத்தைச் சொல்லவே கூடாது.

இப்போது மாதா மாதம் நிற்காமல் வருகிற செலவுகள்: தவணை 15,778, காப்புறுதி வருடத்துக்கு 24,000 என்றால் மாதத்துக்கு 2,000, வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் சேர்த்து மாதத்துக்கு 300, போன் டேட்டா 2,000. கூட்டினால் 20,078. நாளுக்கு 2,900 நிற்கிற மாதத்தில் இதை உழைக்க ஏழு நாள் போதும். மீதி 19 நாள் வீட்டுக்கு. கையில் 55,000 ரூபாவுக்கு மேல் மிஞ்சும். சரி.

அதே பைக், அதே ஆள், மோசமான மாதம். காய்ச்சல் ஒரு வாரம், கராஜில் இரண்டு நாள், அடைமழை. 18 நாள்தான் ஓட முடிந்தது, நாளுக்கு 3,000தான் விழுந்தது. ஓடர் குறைந்தாலும் பெற்றோல் குறையாது. ஓடரைத் தேடி அலைவதும் தூரம்தான். எனவே நாளுக்கு நிற்பது 1,900. அந்த 20,078ஐ உழைக்க இப்போது கிட்டத்தட்ட பதினொரு நாள் தேவை. மீதி ஏழு நாள் உழைப்பில், சுமார் 14,000 ரூபாவில், வாடகையும் வீட்டுச் சாமானும் பார்க்க வேண்டும்.

அதனால் தவணையை ரூபாவில் யோசிக்காமல் நாளில் யோசியுங்கள். போன ஒரு வருடத்தில் உங்களுக்கு வந்த மிக மோசமான மாதத்தை எடுத்து, வண்டிக்கான நிலையான செலவு எத்தனை நாள் உழைப்பை விழுங்கும் என்று பாருங்கள். பாதிக்கு மேல் போனால் அந்தத் தவணை உங்களுக்குப் பெரியது. விலை குறைந்த பைக் ஒன்றைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் இன்னும் சில மாதம் சேர்த்து முற்பணத்தைக் கூட்டலாம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் 470 ரூபாவுக்குப் போனது. அந்த விலையில் மேலே உள்ள 800 ரூபா 1,250 ஆகிவிடும்.

தவணை கூடுதலாகத் தெரிந்தால் காலத்தை நீட்டச் சொல்வது அடுத்த தவறு. இங்கே வட்டி எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மேலே உள்ள தவணை 14 வீதம் "பிளாட்" என்று போட்ட கணக்கு. அதாவது நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், மூன்று வருடமும் முழு 400,000க்கும் வட்டி. மொத்த வட்டி 168,000. குறைந்து வரும் மீதிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இதே தவணை வருடத்துக்கு 24 வீதத்துக்குச் சற்று மேல். ஒரு கம்பனி 14 என்றும் இன்னொன்று 22 என்றும் சொன்னால், 14தான் மலிவு என்று ஓடிவிடாதீர்கள். அந்த 14 பிளாட்டாகவும், 22 குறைந்து வரும் மீதிக்குப் போட்டதாகவும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கையெழுத்துப் போடுகிற நாளில் கட்டுகிற கட்டணங்கள் எல்லாம் சேர்த்து, கடைசித் தவணை வரை நான் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? அதை எழுதி வாங்குங்கள்.

36 மாதத்தை 48 ஆக்கினால் தவணை 13,000க்கு இறங்கும். மாதம் 2,778 மிச்சம், ஆனால் மொத்தத்தில் 56,000 கூட. காசை விடப் பெரிய விஷயம் வண்டி. மாதம் 26 நாள், நாளுக்கு 120 கிலோமீற்றர் என்றால் 36 மாதத்தில் 112,000 கிலோமீற்றர் தாண்டும், 48 மாதத்தில் 150,000ஐத் தொடும். வேலைக்குப் போய் வர பைக் ஓட்டுபவருக்கு அந்தத் தூரம் வரப் பல வருடம் ஆகும். உங்கள் பைக்கோ தவணை முடியும் முன்னமே எஞ்சின் பிரிக்கிற நிலைக்கு வரலாம். அப்போது கராஜ் பில்லும் தவணையும் ஒன்றாக நிற்கும்.

"கட்ட முடியாவிட்டால் எடுத்த விலைக்கே விற்றுவிடலாம்" என்ற நம்பிக்கையையும் இத்துடன் விட்டுவிடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளின் விலை ஏறிய காலத்துப் பேச்சு அது. 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டது. மேலே சொன்ன லீசிங்கில் முதல் வருடம் 189,000க்கு மேல் கட்டியிருப்பீர்கள், அதில் அசல் குறைந்திருப்பது ஏறக்குறைய 103,000தான். இன்னும் 297,000 வரை நிற்கும். முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் இருந்தால் அது வேறு.

அப்புறம் காப்புறுதி. லீசிங் பைக்குக்கு நிதிக் கம்பனி முழுக் காப்புறுதி கேட்கும். பதிவில் முழு உரிமையாளராக அவர்கள் பெயர் இருப்பதால், வண்டி திருட்டுப் போனாலோ முழுதாக உடைந்தாலோ இழப்பீடு முதலில் போவது அவர்களின் மீதிக்கு. மிஞ்சினால் உங்களுக்கு, போதாவிட்டால் பற்றாக்குறையும் உங்களுக்கு.

இதில் நான் மிகவும் கவலைப்படுவது ஒரே ஒரு வரியைப் பற்றி. காப்புறுதிப் பத்திரத்தில் வண்டி எந்தப் பாவனைக்கு என்று எழுதியிருக்கும். மேசையில் அவசர அவசரமாக நிரப்பும்போது அது "தனிப்பட்ட பாவனை" என்று போய்விடும், கட்டுப்பணமும் குறைவாக இருக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பிறகு தெமட்டகொடயில் ஒரு முச்சக்கர வண்டியுடன் மோதி விழுகிறீர்கள். இடத்தைப் பார்க்க வருகிற காப்புறுதி ஆள் முதலில் படம் எடுப்பது பின்னால் கட்டியிருக்கும் டெலிவரிப் பெட்டியை. கூலிக்கு ஓடியதை மறைத்ததாகச் சொல்லி இழப்பீட்டை மறுக்க அந்த ஒரு வரி போதும். தவணையோ நிற்காது. கையெழுத்துப் போடும் முன் "இது டெலிவரிக்கு ஓடுகிற பைக்" என்று சொல்லி, அந்தப் பாவனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் "பரவாயில்லை" என்று சொல்வது அந்த நாளில் செல்லாது.

கட்டுப்பணத்தைக் குறைக்க வண்டியின் பெறுமதியைக் குறைத்துப் போடுவதும் நடக்கிறது. 600,000 பெறுமதியான பைக்கை 400,000க்குக் காப்புறுதி செய்தால், விகிதப்படி கழிக்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கும் இடத்தில், 60,000 ரூபா திருத்தவேலைக்கு 40,000தான் கிடைக்கும். உங்கள் பங்காக முதலில் கழிக்கும் தொகை இருந்தால் அதுவும் போகும். இரண்டாம் வருடக் கட்டுப்பணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் வருடத்தது முற்பணத்தோடு சேர்ந்து போயிருக்கும், கண்ணில் பட்டிருக்காது. பன்னிரண்டாம் மாதம் 24,000 ஒரே தடவையில் வரும். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் புதுப்பிக்க முடியாது. மேலே மாதம் 2,000 என்று போட்டதை உண்மையிலேயே வேறு கணக்கில் போட்டு வையுங்கள்.

உடைந்த வண்டிக்குக் காசு வந்தாலும் உடைந்த காலுக்கு அதே பத்திரத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். செயலி விபத்துக் காப்பு தருகிறது என்றால் அது ஓடர் கையில் இருக்கிற நேரத்துக்கு மட்டுமா, வீடு திரும்பும்போதும் உண்டா என்று கேட்டு வையுங்கள்.

முற்பணத்துக்கு நகையை அடகு வைத்தால் அந்த வட்டியையும் மாதச் செலவில் கூட்ட வேண்டும். வேறொருவரின் ஓடுகிற லீசிங்கைக் கைமாற்றாக வாங்கவே வேண்டாம். பதிவில் உங்கள் பெயர் இருக்காது, நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு தவணையும் அவர் பெயரில்தான் ஏறும்.

ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால் திகதி வருவதற்கு முன்பே கிளைக்குப் போங்கள். போனை எடுக்காமல் ஒளிவதுதான் கடைசித் தவறு. தாமத வட்டி அன்றே ஓடத் தொடங்கும், அடுத்த மாதம் நீங்கள் கட்டுகிற பணத்தில் முதலில் அதைத்தான் கழிப்பார்கள், அசல் அசையாது. கொஞ்சமாவது கட்டி ரசீது வாங்குங்கள். மீதிக்குத் திகதி கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். தவணையைத் திருப்பி அமைக்கிறோம் என்று சொன்னால், புதிய மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.