முதுகுத்தண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சுருக்கிய விதம்

இடுப்பு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டின் கடைசியில் வரும் ‘இம்ப்ரெஷன்’ என்ற முடிவுப் பகுதியை மட்டும் நோயாளிக்காக எளிமையாக்கினால், ‘பல இடங்களில் தேய்மானம்’ என்பதே மிஞ்சுகிறது. நோயாளி பயந்துபோவார், விஷயமும் தெரியாது. அதனால் முழு ரிப்போர்ட்டையும் படித்து, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இடம், பக்கம், அளவு, பாதிக்கப்படும் நரம்பு ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

பிறகு இப்படி எழுதுகிறேன்: “இடுப்பின் 4, 5-வது எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் இடப்பக்கம் பிதுங்கி, இடது காலுக்குப் போகும் எல்5 நரம்பை அழுத்துகிறது. மற்ற டிஸ்க்குகளில் லேசான தேய்மானம். அங்கே நரம்பு அழுத்தம் இல்லை.”

ரிப்போர்ட்டில் ‘தொடுகிறது’ என்றிருந்தால் அதை ‘அழுத்துகிறது’ என்று மாற்றவே கூடாது. இரண்டும் வெவ்வேறு நிலை. ‘எலும்பு முறிவு இல்லை, தண்டுவடத்தின் நுனி இயல்பாக உள்ளது’ போன்ற ‘இல்லை’ வரிகளையும் வெட்டுவதில்லை. சிறுநீரகக் கட்டி போல ஓரமாகச் சொல்லப்பட்டது தனி வரியில் வரும்.

வலிக்கு இந்தப் பிதுக்கம்தான் காரணமா என்பதைச் சுருக்கம் சொல்லக் கூடாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் பிதுக்கம் தெரிவதுண்டு. பரிசோதித்த மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.